தேதி சரியாகத்தான் இருந்தது

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக்குணம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பிறகு பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு முறை சிரித்தால் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். இப்போது கேலி செய்வதில்லை, பழகிவிட்டது. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அது என் சொந்த அனுபவம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஆன்லைன் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், ரேஷன் கார்டு திருத்தம், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பரீட்சைக்குப் பதிவு என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அங்கே நடக்கும். மூன்று கம்ப்யூட்டர். அதில் இரண்டாவது மெஷினுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே மதர்போர்டில் பொட்டு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்குமே, அது செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. மாதாந்திர மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் அந்த மெஷின் பல வருஷம் பின்னால் போய்விடும். இணையத்தைப் பார்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ள வேண்டியதுதான். சில நாள் திருத்திக்கொள்ளும், சில நாள் மறந்துவிடும்.

அப்படி மறந்த நாளில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம் வந்து நிற்கும். உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல, உங்கள் கடவுச்சொல்லை யாராவது திருடக்கூடும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். கோயமுத்தூரில் எனக்கு மெஷின் சப்ளை செய்யும் சர்வீஸ்காரத் தம்பியிடம் போனில் கேட்டேன். ஆர்.எஸ்.புரத்தில் மாடியில் ஒரு சின்ன அறையில் கடை வைத்திருப்பவர். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க்கா, மூலைல தேதி என்ன காட்டுதுன்னு பாருங்க," என்றார்.

பார்த்தேன். என் மகள் எல்கேஜி படித்த வருஷத்தைக் காட்டியது. அவள் அப்போது ஒன்பதாவது.

அவர் விளக்கியது இதுதான். ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். பிரவுசர் உள்ளே போகும்முன் அதை வாங்கிப் பார்க்கும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் போட்டிருக்கும். நாம் போகிற பெயருக்குத்தான் அது கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும். கொடுத்தது யார், நாம் நம்பக்கூடிய ஆளா என்றும் பார்க்கும். மெஷினே பழைய வருஷத்தில் இருந்தால், இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லையே என்று பிரவுசர் திருப்பி அனுப்பிவிடும். தேதியைச் சரிசெய்தால் முக்கோணம் போய்விடும். நம் சாதிச் சான்றிதழை தாசில்தார் ஆபீசில் எப்படிப் பார்க்கிறார்களோ அதே கதைதான். பெயர், தேதி, கையெழுத்து.

அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வேண்டாத தைரியம். தேதியைச் சரிசெய்வதற்குக்கூடச் சோம்பல்பட்டு, கீழே 'அட்வான்ஸ்டு' என்பதை அமுக்கி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் வரும் 'தொடர்க' என்பதை அமுக்கிப் போக ஆரம்பித்தேன். அந்த வரியிலேயே 'பாதுகாப்பற்றது' என்றும் போட்டிருப்பான். பேங்க் தளத்திலும் மெயிலிலும் அந்த வரியே வராது, எப்படி முட்டினாலும் கதவு திறக்காது. அங்கே மட்டும் தேதியைத் திருத்துவேன். மற்ற இடத்தில் அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். சில கல்லூரிகள் தங்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிடும், அப்போதும் முக்கோணம் வரும். சில தளத்தில் பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்துப் போட்டால் வராது, விட்டால் வரும். சான்றிதழ் ஒரு பெயருக்கு, நாம் போவது இன்னொரு பெயருக்கு. இதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கோணத்தைப் பார்த்துப் பயந்த வாடிக்கையாளரிடம், "அது சும்மாங்க, தேதிக் கோளாறு," என்று நானே சொல்வேன்.

இன்ஜினீயரிங் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு வியாழக்கிழமை ஊருக்கு மாதாந்திர ஷட்டவுன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கரண்ட் வந்தது. ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இரண்டு மணியிலிருந்தே கடை வாசலில் காத்திருந்தார்கள். முத்தூர் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். அம்மா தறிக்குடோனில் வேலை செய்பவர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்து செய்து, யார் பேசினாலும் உதட்டையே பார்ப்பார். அப்பா இல்லை. பெண் நல்ல மார்க். எங்கள் கடைக்கு வருபவர்களில் அந்தச் சுற்றில் வாய்ப்பு வந்தது அவளுக்கு மட்டும்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதை உறுதிசெய்துவிட வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் வரிசைதான் எல்லாம்.

அவளுக்கு வேண்டியது கோயமுத்தூரில் ஒரு அரசு கல்லூரி. ஒரு நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அரசு கல்லூரி கிடைத்தால் படிப்பாள், தனியாரில் கிடைத்தால் படிப்பே இல்லை என்று அம்மா சொன்னார். சொன்னபோது அழவெல்லாம் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டாவது மெஷினைப் போட்டேன். கலந்தாய்வுத் தளத்தைத் திறந்தேன். சிவப்பு முக்கோணம்.

"என்னுங்க்கா அது?" என்றாள் பெண்.

"அது ஒண்ணுமில்ல கண்ணு, கரண்ட் போயிட்டு வந்துச்சில்ல, தேதி மாறிப்போயிருக்கும்," என்றேன். மூலையில் தேதியைப் பார்க்கவில்லை. அமுக்கினேன், தொடர்ந்தேன். பக்கம் திறந்தது. அவள் கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கள் கடையில் அப்படித்தான். எல்லாரும் பெயரைச் சொல்வதுபோலக் கடவுச்சொல்லைச் சத்தமாகச் சொல்வார்கள். உள்ளே போனோம். நோட்டில் இருந்தபடியே பதினெட்டுக் கல்லூரிகளையும் வரிசைப்படுத்திச் சேமித்தோம். எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு பிரிண்ட் எடுத்தேன், மங்கலாக வந்தது. டோனரைக் குலுக்கிவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். உறுதிசெய்வதை வீட்டிலிருந்தே போனில் செய்துகொள்கிறேன் என்றாள். ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம, நேரம் பாத்து பண்ணிக்கிறோமுங்க," என்றார் அம்மா.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒருவர் வந்தார். மகனுக்கு அடுத்த சுற்று எப்போது ஆரம்பம் என்று பார்க்க வேண்டுமாம். அன்று நான் ஒன்றாவது மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அதன் பேட்டரி போன தீபாவளிக்கு மாற்றியது. கலந்தாய்வுத் தளத்தைத் திறந்தேன். முக்கோணம்.

கை தானாக 'அட்வான்ஸ்டு' பக்கம் போனது. பிறகு நின்றது. ராத்திரி கரண்ட் போகவில்லையே. இந்த மெஷினுக்குத் தேதிக் கோளாறே கிடையாதே. மூலையில் பார்த்தேன். தேதி, நேரம், நிமிஷம் உட்பட எல்லாம் சரி.

பிறகுதான் அந்தப் பக்கத்தில் பொடியாகப் போட்டிருந்த குறியீட்டைப் படித்தேன். வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. தேதிப் பிரச்சினை என்றால் 'டேட் இன்வேலிட்' என்று முடியும். பெரும்பாலும் அதற்குமுன்பே உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று வேறு மாதிரிப் பக்கமே வரும். இதில் 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றிருந்தது. கையெழுத்துப் போட்டவன் சரியில்லை என்று அர்த்தம்.

நேற்று? நேற்றும் இதேதானா? மங்கலாக வந்த பிரிண்டைக் கசக்காமல் கணக்குப் போட வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். பிரவுசரில் பிரிண்ட் எடுத்தால் தாளின் மேல் ஓரத்தில் மெஷினின் தேதியும் நேரமும் தானாக விழும். நேற்றைய தேதி, நாலு இருபத்தெட்டு. இரண்டாவது மெஷின் நேற்றுத் தன்னைத் தானே திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நேற்று தேதி சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய்.

வந்தவரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். கோயமுத்தூர் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எதையும் அமுக்காதீங்க. எல்லா சைட்டுலயும் வருதுங்களா, அது ஒண்ணுல மட்டுமா?"

மற்ற தளங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. இது ஒன்று மட்டும்தான்.

"உங்க போனுல வைஃபை போட்டுப் பாருங்க. அப்பறம் வைஃபைய ஆஃப் பண்ணி, நெட்ல பாருங்க."

வைஃபையில் முக்கோணம். போனின் சொந்த நெட்டில் முக்கோணம் இல்லை, தளம் பளிச்சென்று திறந்தது.

"அப்பொ சைட்டு மேல தப்பில்லீங்க. உங்க லைன்ல ஆரோ நடுவுல உக்காந்திருக்காங்க," என்றார்.

சான்றிதழைத் திறந்து படிக்கச் சொன்னார். படித்தேன். யாருக்கு என்ற இடத்தில் கலந்தாய்வுத் தளத்தின் பெயர் சரியாக இருந்தது. கொடுத்தவர் என்ற இடத்திலும் அதே பெயர். தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ். ஆரம்பத் தேதி நேற்றைக்கு முந்தின நாள். போனில் வந்த உண்மையான சான்றிதழை ஒப்பிட்டுப் பார்த்தால், அதைக் கொடுத்தது வேறொரு நிறுவனம், ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருந்தன.

"தனக்குத் தானே போட்டுக்கறது எல்லாமே திருட்டு இல்லீங்க. நம்ம சிசிடிவி பொட்டிக்குள்ள போனாலும் அப்புடித்தான் வரும், அது நம்ம பொட்டி, நமக்குத் தெரியும். ஆனா வெளிய இருக்கற சைட்டுல, அதும் இத்தன நாளா நல்லா இருந்த சைட்டுல வந்தா, பாஸ்வேர்டு ஓடிபி எதும் அடிக்கவே கூடாதுங்க. அடிச்சா நடுவுல இருக்கறவன் படிச்சுப்போடுவான்."

"நேத்து எல்லாம் ஒழுங்கா நடந்துச்சே தம்பி. லிஸ்ட்டு சேவ் ஆச்சே."

"நடக்கத்தானுங்க செய்யும். நீங்க அடிக்கறத வாங்கி நெசமான சைட்டுக்குக் குடுப்பான், அங்கிருந்து வர்றத உங்களுக்குக் குடுப்பான். நெசமான சைட்டுதான் உங்க முன்னால தெரியும். ரெண்டு பக்கமும் அவன் படிச்சுக்குவான்."

மறைக்க என்ன இருக்கிறது, பயந்துவிட்டேன். அந்தக் கடவுச்சொல் யாரிடமோ போய்விட்டது. உறுதிசெய்யத்தான் ஓடிபி வேண்டும். உறுதிசெய்யும் வரை வரிசையை மாற்றக் கடவுச்சொல் மட்டும் போதும். வரிசையை மாற்றி வைத்துவிட்டால், அந்தப் பெண் நேற்றே பார்த்துவிட்டோமே என்று திரும்பப் பார்க்காமல் தன் ஓடிபியைத் தானே போட்டு, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

அவள் நம்பருக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வீட்டில் இருப்பதே ஒரு போன்தான், அது அம்மாவிடம் இருக்கும். தறி ஓடும்போது போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? நாலு முறை அடித்தேன்.

அதற்குள் தம்பியே திரும்பக் கூப்பிட்டு, லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ரூட்டரைப் பார்க்கச் சொன்னார். ரூட்டர் மாடியில் இருக்கிறது. எங்கள் கட்டிடத்தில் மேலே ஒரு கல்வி கன்சல்டன்சி, தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் ஆபீஸ். அதை நடத்துபவரும் நானும் ஒரே இன்டர்நெட் லைனைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம். அவர் ரொம்ப மரியாதையான மனிதர். எனக்கு மரியாதை அதிகமானாலே சந்தேகம் வரும், அதுவும் வந்து ஒரு வருஷமாகியிருந்தது. கீழேயிருந்தே ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அடியில் ஒட்டிவரும் ஸ்டிக்கரில் கம்பெனி போடும் கடவுச்சொல்லைத் தம்பி சொல்ல, அதையே அடித்தேன். திறந்துகொண்டது. இன்டர்நெட் லைன்மேன் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. நானும்தான் மாற்றவில்லை.

டிஎன்எஸ் என்று ஒரு இடம் உண்டு. நாம் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எது என்று சொல்லுகிற இடம். லைன்காரன் கொடுத்த எண்கள் அங்கே இல்லை. தம்பிக்கும் தெரியாத ஏதோ ஒரு எண் இருந்தது. யாரோ அதை மாற்றி, இந்த ஒரு பெயரைக் கேட்டால் மட்டும் தப்பான வீட்டுக்கு வழி சொல்லும்படி வைத்திருக்கிறார்கள்.

படியேறிப் போனேன். ரூட்டர் அவர் மேசைக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"ரூட்டர ஆரு தொட்டாங்கன்னு கேக்க வந்தேனுங்க."

"ரூட்டருங்களா? ஆரும் தொடலியேங்க. ஏனுங்க, நெட்டு ஸ்லோவா வருதுங்களா?"

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் செய்திருக்கலாம். அவரிடம் வேலை செய்யும் பெண்கள், பையன்களில் ஒருவர் செய்திருக்கலாம். லைன்மேன் செய்திருக்கலாம். என் கடைச் சுவரில் வைஃபை கடவுச்சொல்லை நானே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், அதைப் போட்டு உள்ளே வந்த எவர் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒரே நிமிஷத்தில் வெள்ளகோவில் முழுவதும் எனக்குத் திருடனாகத் தெரிந்தது. அவர் சுவரில் ஏழெட்டுக் கல்லூரிகளின் பேனர் தொங்கியது. அவற்றைப் படித்து மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு கையை நீட்டி ரூட்டரின் பின்னை உருவிவிட்டேன்.

"என்னங்க இப்புடி பண்றீங்க," என்று எழுந்தார். சத்தம் போடவில்லை, அதற்குள்ளும் ஒரு 'ங்க' இருந்தது.

"சாயங்காலம் பேசிக்கலாமுங்க," என்று இறங்கிவிட்டேன். பிற்பாடு பேசினோம். புகாரும் கொடுத்தோம், அவரும் கூடவே வந்து கையெழுத்துப் போட்டார். யார் மாற்றியது என்று இன்றுவரை தெரியாது. நான் அவரை இன்றும் நம்புவதில்லை, அவரும் என்னை நம்புவதில்லை என்றுதான் நினைக்கிறேன். தீபாவளிக்குப் பலகாரம் மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

ஸ்கூட்டியை எடுத்தேன். மணி பதினொன்று. அம்மா சொன்னது வழியெல்லாம் காதில் ஓடியது, நேரம் பாத்து பண்ணிக்கிறோமுங்க. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பத்தரைக்கு முன்னாலேயே செய்துவிட்டார்களா, பன்னிரண்டுக்கு மேல் செய்யப் போகிறார்களா? ராகுகாலத்தை நான் ஒரு நாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு முத்தூர் ரோட்டில் போய்க்கொண்டே, தாயே, அவர்கள் பத்தரைக்குள் எழுந்திருக்காமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். குடோனை ஒட்டி வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் அந்தப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உறுதி பண்ணிப்போட்டியா?"

"இல்லீங்க்கா. பன்னெண்டுக்கு மேலதான் பண்ணோணும்னு அம்மா சொன்னாங்க. காலைல பஞ்சாயத்துத் தண்ணி வந்துச்சு, அதனால மொதல்ல பண்ண முடியல."

எனக்கு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்கார்ந்தும்விட்டேன். அவள் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்தார், போன் இடுப்பில் இருந்தது. அதில் நான் அடித்த நாலு அழைப்பும் இருந்தன.

என் போனில், வைஃபை எதுவும் இல்லாமல், தளத்தைத் திறந்தேன். முக்கோணம் இல்லை. அவளை நுழையச் சொன்னேன். முந்தின நாள் கடவுச்சொல் வேலை செய்தது. வரிசையைத் திறந்தாள். நான் மங்கல் பிரிண்டைப் பிரித்து மடியில் வைத்தேன்.

முதலிடத்தில் ஒரு தனியார் கல்லூரி. இரண்டாவது இன்னொன்று. மூன்றாவது இன்னொன்று. அவள் கேட்ட அரசு கல்லூரி நாலாவதாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் அவள் நோட்டில் எழுதியபடியே. மூன்றை மட்டும் மேலே நுழைத்திருந்தார்கள். அந்த மூன்றில் இரண்டின் பெயர் மாடிச் சுவரில் நான் படித்தவை. அவை வெள்ளகோவிலில் எல்லாச் சுவரிலும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இதெ நான் போடலீங்களே," என்றாள் பெண். அதையே இன்னொரு முறையும் சொன்னாள்.

நான் மூன்றையும் நீக்கச் சொன்னேன். நீக்கினாள். பதினெட்டையும் பிரிண்டோடு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தோம். சேமித்தோம். வெளியே வந்து திரும்ப உள்ளே போய் இன்னொரு முறை பார்த்தோம். அப்போதுதான் பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சுங்க? ஆரு மாத்துனாங்க?"

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். இன்டர்நெட்டில் திருடர்கள் இருக்கிறார்கள், நல்லவேளை நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். பாதி வாய் வரை அது வந்தது. ஆனால் பெண் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்று புரிந்தது, அவள் நேற்றைய முக்கோணத்தை மறக்கவில்லை.

"மாத்துனது ஆருன்னு தெரியலீங்க. ஆனா பாஸ்வேர்டு அவங்க கைக்குப் போனது என்னாலதானுங்க," என்றேன், அவருக்குப் புரியும்படி மெதுவாக. "நேத்து சிவப்பா ஒரு முக்கோணம் வந்துச்சில்ல, அதுல உள்ள போகாதீங்கன்னு போட்டிருந்துச்சு. நான் தேதிக் கோளாறுன்னு சொல்லி அமுக்கிப்போட்டேன். தேதியப் பாக்கவே இல்ல."

அம்மா தலையிலிருந்த பஞ்சுத்தூசியைத் தட்டிவிட்டார். பிறகு, "நீங்க வேணும்னு செய்வீங்களாங்க. ஓடி வந்து சொன்னீங்களே, அது போதுமுங்க," என்றார். அந்த நல்ல வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

"உறுதி பண்றதுக்கு மின்னால பாஸ்வேர்ட மாத்தோணும் கண்ணு," என்றேன் பெண்ணிடம். "பழசு அவங்ககிட்ட இருக்குது. புதுசு பழசு மாதிரியே இருக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். கடவுச்சொல் மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். வழக்கப்படி நான் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன், எழுத்து தவறாமல் அடிக்கிறாளா என்று பார்க்க. அவள் விரல் திரைக்கு மேல் நின்றது. என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிக்கிறீங்களாங்க?"

என் வயசில் பாதி இல்லாத பெண். என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகம் சுட்டது. "சரி கண்ணு" என்று திரும்பி, கொடியில் தொங்கிய ஈரத் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை நான் திரும்பவில்லை.